நீலச் சேனலில் ஒரு முகம்

வெண்புள்ளி உள்ள ஒருவரின் வண்ணப்படத்தைப் போட்டோஷாப்பில் திறந்து, சேனல்கள் இருக்கும் பலகத்தில் சிவப்பை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். மாநிறத் தோலுக்கும் வெள்ளைத் திட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அடங்கிப்போய், கொஞ்சம் வெளிறிய இடங்களாக மட்டும் திட்டுகள் தெரியும். பச்சையைப் போட்டால் ஓரங்கள் எழும்பி வரும். நீலத்தைப் போட்டால் அதே முகத்தில் திட்டுகள் பளீரென்று கிளம்பி, கண்ணும் மூக்கும் பின்னுக்குப் போய்விடும். படம் ஒன்றுதான், எடுத்த நொடியும் ஒன்றுதான்.

காரணம் மெலனின். தோலின் அந்த நிறமி நீல ஒளியை நிறைய விழுங்கும். சிவப்பை அவ்வளவு விழுங்காது. வெண்புள்ளி வந்த இடத்தில் நிறமியை உண்டாக்கும் செல்கள் இல்லாமல் போயிருக்கின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தியே அவற்றை அழித்துவிடுகிறது. தொட்டால் ஒட்டாது, இது தொற்று அல்ல. நிறமி இல்லாத இடத்தில் நீல ஒளி விழுங்கப்படாமல் திரும்பி வருகிறது. ஆகவே நீலத்தில் வித்தியாசம் மிக அதிகமாகவும் சிவப்பில் மிகக் குறைவாகவும் இருக்கிறது. மாநிறத் தோல் உள்ள ஒரு பெண்ணின் கன்னத்தில், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில், சிவப்பு 190, பச்சை 135, நீலம் 100 என்று எண்கள் வந்தால், பக்கத்துத் திட்டில் 232, 200, 185 என்று வரும். சிவப்பில் இடைவெளி 42, நீலத்தில் 85.

கல்யாண ஆல்பங்களுக்கு ரீடச்சிங் செய்வது என் தொழில். இந்த எண்களை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெண்புள்ளி உள்ள ஒரு முகம் வேலைக்கு வரும்போது, ‘எடுத்துவிடலாமா, அப்படியே விட்டுவிடலாமா’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எடுப்பது தலையீடு, விடுவது மரியாதை என்று அதற்குள் ஓர் எண்ணம் இருக்கிறது. ஆனால் ‘அப்படியே’ என்று ஒன்று படத்தில் இல்லை. திட்டு எவ்வளவு வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதை பிளாஷும், ஒயிட் பேலன்ஸும், எக்ஸ்போஷரும், கேமராவின் நிற அமைப்பும் நான் தொடுவதற்கு முன்பே தீர்மானித்துவிட்டன. அவை தீர்மானித்ததைக் கைதொடாமல் அச்சுக்கு அனுப்பினால், பெரும்பாலும் அவருடைய முகம் உள்ளதைவிடக் கூடுதலாகப் பிளவுபட்டுத்தான் வெளியே போகும். விடுவதற்கும் வேலை செய்யத்தான் வேண்டும்.

கறுப்பு வெள்ளையில் இது அப்பட்டமாகத் தெரியும். ஆல்பத்தில் ஒரு பக்கமாவது கறுப்பு வெள்ளையில் வைப்பது இப்போது வழக்கம். சேனல் மிக்ஸரில் மோனோகுரோமைத் தேர்ந்து சிவப்பை 100, மற்ற இரண்டையும் 0 என்று வைத்தால் திட்டுகள் பெரும்பாலும் அடங்கிவிடும். சிவப்பை 40க்கு இறக்கி, நீலத்தை 60க்கு ஏற்றினால் அவைதான் படம் என்றாகிவிடும். இரண்டுமே ரீடச்சிங் இல்லை. வெறும் நிறமாற்றம் என்றுதான் தொழிலில் பெயர். நான் சிவப்பு 40, பச்சை 40, நீலம் 20 என்ற அளவில் தொடங்குவேன். நேரில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசத்துக்கு ஓரளவு அருகில் வருவது அந்த இடம்தான்.

சென்ற ஆண்டு வேலைக்கு வந்த ஒரு மணப்பெண்ணின் படங்களை வைத்து மற்றதைச் சொல்கிறேன். அவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். இரண்டு கண்களைச் சுற்றியும், வாயின் இரு ஓரங்களிலும், விரல் நுனிகளிலும் திட்டுகள். இடப்புருவத்தின் வால்பகுதி முடி வெள்ளை. இவை பல வருடங்களாக இருப்பவை. கழுத்தின் வலப்பக்கம் ஒன்று மட்டும் புதிது. கல்யாணத்துக்குச் சில மாதங்களுக்கு முன் வந்தது. அந்த விவரம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

படங்கள் வந்த அன்றே அவருடைய அம்மா போன் செய்தார். “தம்பி, முகத்துல கொஞ்சம் பாத்துச் சரி பண்ணிருங்க. ஹால்ல பெருசா மாட்டணும்னு இருக்கோம். வர்றவங்க போறவங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்கல்ல.” அதில் கோபமோ வெட்கமோ இல்லை. கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன குரல் அது. “பாப்பாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேம்மா,” என்றேன். “கேளுங்க, ஆனா அவ வேண்டாம்னுதான் சொல்லுவா,” என்றார்.

அவரைக் கேட்பதற்கு முன்னால் நான் செய்தது, கேட்கத் தேவையில்லாத வேலைகளை முடிப்பது. கேமராவும் விளக்கும் உண்டாக்கியவற்றைச் சரிசெய்யாமல் ஒருவரிடம் படத்தைக் காட்டி ‘உங்கள் திட்டுகளை என்ன செய்யட்டும்’ என்று கேட்பது நியாயமில்லை. அவர் பதில் சொல்வது தன் தோலைப் பார்த்தா, அந்த மண்டபத்து பிளாஷைப் பார்த்தா என்று தெரியாது.

முதலில் ஒரு சாட்சிப் படத்தைத் தேர்ந்துகொள்வேன். பிளாஷ் இல்லாமல், நிழலிலோ சன்னலோரத்திலோ, பரவலான பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு பிரேம். மேக்கப் தொடங்கும் முன் எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. இவருக்கு அப்படி ஒன்று கிடைத்தது: மணமகள் அறையில், விடிகாலை வேளையில், தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கும்போது எடுத்தது. இந்தப் படத்தில் ஒன்றையும் மாற்ற மாட்டேன். இரண்டாவது திரையில் எப்போதும் திறந்தே இருக்கும். மற்ற எல்லாப் படங்களிலும் திட்டின் வடிவமும், வெளிறலின் அளவும், ஓரத்தின் கூர்மையும் இதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டே போவேன். சாட்சி இல்லாமல் வேலை செய்தால் கண் மெல்ல மெல்ல ஏமாறும். ஐம்பதாவது படத்தில் திட்டு தன் அளவில் பாதியாகியிருக்கும். எங்கே குறைந்தது என்று சொல்ல முடியாது.

அடுத்தது பிளாஷ். மண்டபத்தில் கிட்டத்தில் நின்று அடிக்கும் பிளாஷில், மாநிறம் சரியாக வரும்படி எக்ஸ்போஷர் வைப்பார்கள். கருத்த தோலென்றால் அதற்கும் திட்டுக்கும் ஒன்றரை ஸ்டாப், சில சமயம் இரண்டு ஸ்டாப்கூட வித்தியாசம் இருக்கும். கன்னமேட்டில் ஏற்கெனவே பளபளக்கும் இடத்தில் திட்டு இருந்தால், மூன்று சேனல்களும் 255ஐத் தொட்டுவிடும். தொட்டதும் அங்கே தோலே இல்லை. ரோமக்கால் இல்லை, மெல்லிய சுருக்கம் இல்லை. வெறும் வெள்ளை மட்டும். பார்ப்பவர் கண்ணை உறுத்துவது பல நேரம் நிற வித்தியாசம் அல்ல, இந்தத் தோலின்மைதான். ரா கோப்பில் ஹைலைட்ஸைக் குறைத்து, பிறகு திட்டுக்கு மட்டும் ஒரு மாஸ்க் போட்டு, கால் ஸ்டாப்பிலிருந்து மூன்றில் ஒரு ஸ்டாப் வரை இறக்குவேன். எங்கே நிறுத்துவது என்பதைத் துளைகள் சொல்லும். 100 சதவீதத்தில் பார்க்கும்போது ரோமக்கால்கள் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் இறக்கினால் திட்டு சாம்பல் பூக்கத் தொடங்கும். ஜேபெக் மட்டுமே இருந்தால் போனது போனதுதான். அந்தப் பிரேமை விட்டு வேறொன்றை எடுப்பது நல்லது.

பிறகு சிதறும் நிறம். இதை ரீடச்சிங் பழகும் பிள்ளைகள் கவனிப்பதேயில்லை. அவர் உடுத்தியிருந்தது அரக்குப் பட்டு. பட்டில் பட்டுத் தெறித்த வெளிச்சம் தாடைக்குக் கீழும் வாயோரத்திலும் ஏறியிருந்தது. மாநிறத் தோல் அந்தச் சிவப்பைத் தன் நிறத்துக்குள் வாங்கிக்கொள்கிறது. திட்டு வெள்ளைச் சுவர் மாதிரி. எதிரே எந்த நிறம் இருந்தாலும் அதைக் காட்டிவிடும். வரவேற்பு மேடையின் எல்.இ.டி. விளக்குகள் ஊதாவாக மாறிய சமயத்தில் எடுத்த படங்களில் கண்ணைச் சுற்றிய திட்டுகள் ஊதாவாகவே இருந்தன. படத்தைப் பார்க்கிறவருக்கு அது விளக்கு என்று தோன்றாது. நோய் என்று தோன்றும். கலர் என்ற பிளெண்ட் மோடில் ஒரு வெற்று லேயர் வைத்து, அதே திட்டின் நல்ல வெளிச்சம் படும் பகுதியிலிருந்து நிறத்தை எடுத்து, பத்துப் பதினைந்து சதவீத ஒப்பாசிட்டியில் மெல்ல ஏற்றினால் சரியாகிவிடும். மாநிறத்தை எடுத்துப் பூசக் கூடாது. நடுநிலைச் சாம்பலையும் பூசக் கூடாது. நிறமி இல்லாத தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுகிறது. அதனால் உயிருள்ள திட்டு எப்போதும் இளஞ்சிவப்புக் கலந்த பால்நிறமாக இருக்கும். எண்களில் சிவப்பு முதலிலும் பச்சை அடுத்தும் நீலம் கடைசியிலும் வர வேண்டும். மூன்றும் சமமாகிவிட்டால் அது சுண்ணாம்பு நிறம், தோல் அல்ல.

இதோடு சேர்ந்தது வெயில். கல்யாணத்துக்கு முன்பு கடற்கரையில் எடுத்த படங்களில் அவருடைய கண்ணோரத் திட்டுகள் நன்றாகச் சிவந்திருந்தன. நிறமியின் காப்பு இல்லாத தோல் வெயிலில் சீக்கிரம் கன்றிப்போகும். அந்தச் சிவப்பு அன்றைக்கு வந்தது, இரண்டு மூன்று நாளில் போவது. ஆகவே அதை எடுக்கலாம். எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம் இது: மாநிறத் தோலில் எதை எடுப்பேனோ அதை வெள்ளைத் தோலிலும் எடுப்பேன், அங்கே எதை விடுவேனோ அதை இங்கேயும் விடுவேன். பரு போகும், கொசுக்கடி போகும், தூக்கமில்லாத கண்ணின் நீலம் போகும். மச்சம் இருக்கும், தழும்பு இருக்கும், திட்டு இருக்கும். திட்டுக்குள் ஒரு பரு இருந்தால் பரு மட்டும் போகும்.

அங்கேதான் கருவிகள் கெடுக்கின்றன. ஹீலிங் பிரஷ், எடுத்த இடத்தின் அமைப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுற்றியுள்ள நிறத்தோடு அதைக் கலக்கும். திட்டின் ஓரத்துக்கு அருகே அதைப் பயன்படுத்தினால் ஒரு பக்கத்து மாநிறமும் மறுபக்கத்து வெள்ளையும் கலந்து ஓர் அழுக்குச் சாம்பல் கறையாகும். வெண்புள்ளியின் ஓரம் பெரும்பாலும் கூர்மையானது. உள்ளிருந்து வெளியே வளைந்து வளைந்து போகும். அந்தக் கோட்டில் ஓரிடம் மழுங்கினாலும் தெரிந்துவிடும். ஆகவே ஓரத்தில் வேலை என்றால் முதலில் திட்டை மட்டும் லாசோவால் தேர்ந்து, தேர்வுக்குள்ளேயே, அதே திட்டிலிருந்தே மூலம் எடுக்க வேண்டும். இல்லையென்றால் குளோன் ஸ்டாம்ப்.

இதைவிட மோசம், ஃப்ரீக்வென்சி செபரேஷன். தோலின் நயத்தை ஒரு லேயரிலும் நிறத்தை மற்றொன்றிலும் பிரித்து, நிற லேயரை மங்கவைக்கும் முறை அது. சாதாரண முகத்துக்கு அது வேகமான வழி. இந்த முகத்தில் மங்கவைத்ததும் ஓரங்கள் இரு பக்கமும் கசிந்து, திட்டு ஒரு புகைக்கறையாகிவிடும். மேலே ரோமக்கால்கள் கூர்மையாகவே இருப்பதால் செய்தவர் கண்ணுக்குத் தவறு தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: நீலச் சேனலை மட்டும் பார்க்க வேண்டும். கசிந்த ஓரம் அங்கே உடனே காட்டிக்கொடுத்துவிடும். வேலை முடிந்த ஒவ்வொரு படத்தையும் நான் நீலத்தில் ஒருமுறை பார்க்காமல் விடுவதில்லை. தோலை வழவழப்பாக்கும் பிளக்-இன்களை இப்படிப்பட்ட முகங்களில் நான் தொடுவதே இல்லை. கர்வ்ஸ் லேயர் இரண்டு, ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று நிழலுக்கு. இரண்டு மூன்று சதவீத ஃப்ளோவில் மென்மையான பிரஷ். நேரம் பிடிக்கும். ஓரம் கெடாது.

இந்த அளவுக்கு வந்த பிறகுதான் அவருக்குப் படங்களை அனுப்பினேன். “எதைக் குறைக்கணுமோ அதைச் சிவப்பால வட்டம் போடுங்க, எதைத் தொடக் கூடாதோ அதைப் பச்சையால போடுங்க. வட்டமே போடாத இடத்துல நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்,” என்று எழுதினேன். ‘ரீடச் செய்யவா’ என்று பொதுவாகக் கேட்டால் சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு பதில்தான் வரும். ஒருவர் தன் தோலைப் பற்றி நினைப்பது அப்படி மொத்தமாக இருப்பதில்லை.

திரும்பி வந்ததில் முதல் பச்சை வட்டம் நான் எதிர்பார்க்காத இடத்தில் இருந்தது. வாயின் இடது ஓரத் திட்டுக்குள் கடுகளவு பழுப்புப் புள்ளிகள் ஐந்தாறு. போன் செய்து கேட்டேன். “அண்ணா, அது மட்டும் போயிடக் கூடாது. லைட் ட்ரீட்மென்ட் எடுத்து எடுத்து வந்தது அது. எத்தனை மாசம் பஸ்ல போயிட்டு வந்திருக்கேன் தெரியுமா?” 311 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாக் கதிரை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பல மாதங்கள் தோலில் காட்டுவார்கள். பலன் கிடைத்தால் நிறம் ரோமக்கால்களைச் சுற்றித்தான் முதலில் திரும்பும். நிறமி செல்கள் அங்கிருந்துதான் வெளியே பரவுகின்றன. வெள்ளைக்குள் பழுப்புப் புள்ளியாகத் தெரிவது அதுதான். சுத்தம் செய்வதே பழக்கமான ஒரு கை அதை மரு என்றோ கரும்புள்ளி என்றோ நினைத்து ஒரே அழுத்தில் எடுத்துவிடும். திட்டை மதிக்கிறோம், வெள்ளையாகவே விடுகிறோம் என்று நினைத்துக்கொண்டேகூட எடுத்துவிடும். வெண்புள்ளி உள்ள படம் எதைத் திறந்தாலும் திட்டுக்குள் இருக்கும் புள்ளிகளை முதலில் பார்க்க வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

இரண்டாவது பச்சை வட்டம் விரல்களில். மருதாணியின் சாயம் மாநிறத்தின் மேல் அடர்ந்த அரக்காகவும், நிறமி இல்லாத விரல் நுனிகளின் மேற்புறத்தில் ஆரஞ்சாகவும் பிடித்திருந்தது. அடியில் மெலனின் இல்லாததால் சாயத்தின் நிறம் இருட்டாமல் தானாகவே தெரிகிறது. ஒரே கொடி, விரலின் நடுவில் ஓரிடத்தில் நிறம் மாறிக்கொண்டு மேலே போகிறது. ஆல்பம் வடிவமைப்பவர் இதைப் பார்த்து, மருதாணியை மட்டுமாவது ஒரே நிறமாக்கச் சொல்லியிருந்தார். ஹ்யூவைக் கொஞ்சம் நகர்த்தினால் முடிந்துவிடும் வேலை. மணப்பெண் அந்தக் கையைச் சுற்றி இரண்டு முறை பச்சை வட்டம் போட்டிருந்தார்.

கண்களைச் சுற்றியும் பச்சை. புருவத்துக்கு வட்டமே இல்லை. முகூர்த்தத்தில் மேக்கப் செய்தவர் வெள்ளை முடியைப் பென்சிலால் நிரப்பியிருந்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் வியர்வையில் கரைந்துபோயிருந்தது. மாலைப் படங்களில் புருவத்தின் வால் வெள்ளை. ஆல்பத்தில் காலை கறுப்பு, மாலை வெள்ளை என்று வரும். அதுவும் மணப்பெண்ணிடம் கேட்க வேண்டிய விஷயம்தான், ஏனென்றால் நிரப்பியது அவர் சம்மதத்தோடு நடந்தது. கேட்டேன். “நடந்தது அப்படித்தானே, விடுங்கண்ணா,” என்றார்.

சிவப்பு வட்டம் ஒன்றே ஒன்று: கழுத்து.

எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்வார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருடைய அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். “மத்ததெல்லாம் நான் தாண்ணா. சின்ன வயசுலேர்ந்து பாத்துட்டேன். இது இப்ப வந்தது. இன்னும் என்னால பாக்க முடியல,” என்றார். பழைய திட்டுகள் நிலைத்து நிற்பவை. புதியது பரவிக்கொண்டிருக்கலாம், எங்கே நிற்கும் என்று தெரியாது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒரே வெள்ளை.

ஓர் உடலில் எதைப் பெருமையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் இடத்தில் ரீடச்சர் இல்லை. வின்னி ஹார்லோ என்ற கனடா நாட்டு மாடல் 2014இலிருந்து தன் திட்டுகளோடு உலக விளம்பரங்களில் வந்துகொண்டிருக்கிறார். 2020இல் பார்பி பொம்மையில்கூட வெண்புள்ளியோடு ஒன்று வந்துவிட்டது. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள். என்னிடம் வேலை பழக வந்த பெண் ஒருத்தி அவற்றைப் பார்த்துத்தான் திட்டுகளை நீக்கவே கூடாது என்று வாதாடினாள். அவள் மனம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் மறைக்க விரும்பியவர்களும் இருந்திருக்கிறார்கள். தன் தோலில் நிறத்தை அழிக்கும் கோளாறு இருக்கிறது என்று மைக்கேல் ஜாக்சன் 1993இல் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். மேக்கப்பால் சமன் செய்துகொள்வதாகவும் சொன்னார். அவர் இறந்த பின் நடந்த பிரேதப் பரிசோதனையில் அது வெண்புள்ளிதான் என்று உறுதியானது. அவர் இறந்த ஜூன் 25ஆம் தேதியே இன்று உலக வெண்புள்ளி நாள். சமன் செய்வது என்றால் எந்த நிறத்துக்கு என்பதும் அவர் கதையில் இருக்கிறது. திட்டுகள் குறைவாக இருக்கும்வரை வெள்ளையை மறைப்பார்கள். உடலின் பெரும்பகுதி வெளுத்துவிட்டால் எஞ்சியிருக்கும் பழுப்பை மறைக்க வேண்டியதாகிவிடுகிறது. பெரும்பாலும் வெளுத்துவிட்ட ஒரு தாத்தாவின் கையைச் சுத்தம் செய்யக் கொடுத்தால், பழகாத பிள்ளை அந்தப் பழுப்புத் தீவுகளைத்தான் கறை என்று எடுப்பான். எது அடிப்படை நிறம் என்று மென்பொருளுக்குத் தெரியாது. அவரைக் கேட்காமல் நமக்கும் தெரியாது.

மணப்பெண்ணின் கழுத்துத் திட்டைக் குறைப்பதற்குப் பிரஷ்ஷை எடுக்கும் முன் படங்களைத் திரும்பத் தேர்ந்தேன். மாலை போட்ட பின் எடுத்த படங்களில் அந்த இடமே தெரியவில்லை. இடப்பக்கமிருந்து எடுத்தவற்றிலும் தெரியவில்லை. தேர்வு மாறியதிலேயே வேலை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இதைவிட மென்மையான ரீடச்சிங் இல்லை. தோலில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. எஞ்சியவை சில படங்கள்.

அவற்றில் திட்டை முழுவதும் அழிக்கவில்லை. அவர் கேட்டதும் குறைக்கத்தான். திட்டுக்கு ஒரு மாஸ்க். மாஸ்க்கின் ஓரம் ஒன்றிரண்டு பிக்ஸல் மட்டும் மென்மை. கர்வ்ஸில் வெளிச்சத்தை இறக்கினேன். நீலச் சேனலில் கூடுதலாகவும் சிவப்பில் கொஞ்சமாகவும் இறக்க வேண்டும், வித்தியாசமே அந்த விகிதத்தில்தான் இருப்பதால். மூன்றையும் சமமாக இறக்கினால் ஈயப்பூச்சு மாதிரிச் சாம்பல்தான் கிடைக்கும். மேலே கலர் மோடில் ஒரு லேயர். ஒரே பழுப்பைப் பூசாமல், பக்கத்துக் கழுத்தில் மூன்று நான்கு இடங்களிலிருந்து நிறம் எடுத்துக் கலந்து போட்டேன். மாநிறத் தோல் எங்குமே ஒரே நிறமாக இருப்பதில்லை. கழுத்து மடிப்பில் கருத்தும் எலும்பின் மேல் வெளுத்தும் இருக்கும். ஒரே நிறத்தைப் பூசினால் அச்சில் பவுடர் அப்பியது போலவே தெரியும். வித்தியாசம் பாதிக்கும் கீழே போன இடத்தில் நிறுத்தி அவருக்கு அனுப்பினேன். “இது போதும்,” என்றார்.

அந்தத் தூரத்தில் நிறுத்தியதில் இன்னொரு பயனும் உண்டு. ஒரு படத்தில் அறவே இல்லாமலும் அடுத்ததில் லேசாகவும் இருந்தால் ஆல்பத்தைப் புரட்டுகிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும். கூட எடுத்த உறவினர்களின் செல்போன் படங்களில் அது முழுதாக இருக்கும். பாதி குறைத்த திட்டு வெளிச்சத்தின் மாறுபாடாகக் கடந்துபோகும்.

யார் கேட்டாலும் செய்யாத படங்கள் சில உண்டு. தோல் மருத்துவருக்காக எடுத்த படத்தில் வெளிச்சத்தைக்கூடத் திருத்தக் கூடாது. திட்டு பரவியதா நின்றதா என்பதை அடுத்த மாதப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். பாஸ்போர்ட் படத்தில் முகத்தைத் திருத்தக் கூடாது என்பது விதி; இருந்தும் பல ஸ்டுடியோக்களில் கேட்காமலே வழவழப்பாக்கிக் கொடுக்கிறார்கள். ஜாதகத்தோடு அனுப்பும் படத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. பெற்றோர் திட்டை எடுத்துத் தரச் சொல்வார்கள். படத்தில் இல்லாதது நேரில் இருக்கும்போது, மறைத்துவிட்டார்கள் என்ற பழி ரீடச்சர்மேல் விழாது, பெற்றோர்மேல்கூட அதிகம் விழாது. அந்தப் பெண்மேல் விழும். அவள் காலமெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட படத்துக்கு நல்ல வெளிச்சம் தேடித் தருவேன், பிளாஷின் அட்டூழியத்தை எடுத்துத் தருவேன். திட்டை எடுக்க மாட்டேன்.

ஹாலில் மாட்டும் படத்துக்கு வருகிறேன். அம்மா கேட்டது முகம். பெண் தொடக் கூடாது என்றதும் முகம். பணம் கொடுப்பவர் அம்மா. ஆனால் படத்தில் இருக்கும் தோல் அவருடையது அல்ல. இதை அவரிடம் நேராகச் சொல்லும் துணிச்சல் எல்லா நேரமும் தேவைப்படாது. பிளாஷும் அரக்குச் சிதறலும் திருத்திய படத்தை, திருத்தாததன் பக்கத்தில் வைத்து இரண்டையும் 6க்கு 8 அளவில் அச்சடித்துக் கொடுத்தேன். செல்போன் திரையில் பார்த்துப் பேசுவதில் பயனில்லை. திரை தன் பங்குக்கு வெள்ளையை ஏற்றிக் காட்டும். அம்மா திருத்தியதைக் கையில் வைத்து, “எடுத்துட்டீங்களா?” என்று கேட்டார். “இல்லம்மா, எல்லாம் அப்படியே இருக்கு. லைட்டைத்தான் சரி பண்ணேன்,” என்றேன். படத்தை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். “வீட்ல பாக்குற மாதிரியே இருக்கா,” என்றார். அந்தப் படமே பெரிதாகப் போகட்டும் என்று முடிவானது.

அச்சில் கடைசியாக ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. பெரிய படம் மேட் தாளில். மேட் தாளில் 245க்கு மேல் உள்ள இடங்களில் மை ஏறக்குறைய விழாது. தாளின் வெறுமைதான் தெரியும். பளபளப்புத் தாளில் நன்றாக இருந்த கண்ணோரத் திட்டு, மேட்டில் மறுபடியும் தோலில்லாமல் போய்விடும். திட்டின் உச்ச வெளிச்சத்தை 238இல் நிறுத்தி, ஒரு துண்டு மட்டும் சோதனை அச்சு எடுத்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

கோப்பைப் பெண்ணிடம் ஒப்படைக்கும்போது எல்லா லேயர்களோடும் கொடுத்தேன். கழுத்துக்குச் செய்தவை மட்டும் தனிக் குழுவாக, அதற்குரிய பெயரோடு இருக்கின்றன. கண் அடையாளத்தை அழுத்தினால் அந்தக் குழு அணைந்துவிடும். திட்டு அன்றைக்கு இருந்த அளவில் திரும்ப வந்துவிடும். அந்தத் திட்டு நின்றுவிட்டால், அல்லது அதுவும் அவருக்குப் பழகிவிட்டால், வேறொரு நாள் வேறொரு அச்சு எடுத்துக்கொள்ளலாம். எப்படி அணைப்பது என்று அவர் கேட்டுத் தெரிந்துகொண்டார்.